நாகர்கோவிலில் இன்னோவா, மூன்று நாள்: 250 கிலோமீட்டர் கணக்கைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்

தோஹாவிலிருந்து குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தோம். அப்பா அம்மாவையும் சேர்த்து ஆறு பேர், அதனால் டிரைவரோடு இன்னோவா. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு, அடுத்து திருச்செந்தூர், மூன்றாம் நாள் பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு. ரூட், வண்டி, நாள் மூன்றையும் சொன்னதும் ஒரு டிராவல்ஸில் உடனே தொகை சொன்னார்கள்: கிலோமீட்டருக்கு 18 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா 500.

அங்கேதான் யோசிக்க வேண்டும். மூன்று நாளுக்கு 750 கிலோமீட்டர், அதாவது 13,500, பேட்டாவோடு 15,000. ஆனால் நாங்கள் ஓடப்போவது ஏர்போர்ட்டுக்குப் போய்வர 140, திருச்செந்தூருக்கு 180, மூன்றாம் நாள் 90, எல்லாம் சேர்த்து 410 பக்கம்தான். மதுரை, ராமேஸ்வரம் என்று தூரமாகப் போகிறவர்களுக்கு இந்த 250 கணக்கு சரி, நம் மாவட்டத்துக்குள் சுற்றுகிறவர்களுக்கு ஓடாத ஓட்டத்துக்குக் காசு.

இன்னொரு இடத்தில் நாள் நாளாகப் பிரித்துக் கேட்டேன். ஏர்போர்ட் டிரிப் மொத்தமாக 3,500. திருச்செந்தூருக்கு மட்டும் 250 கணக்கு, பேட்டாவோடு 5,000. மூன்றாம் நாள் லோக்கல், 8 மணி நேரம் 80 கிலோமீட்டருக்கு 2,800, கூடுதல் பத்து கிலோமீட்டருக்கு 180. மொத்தம் 11,480, அதே மாதிரி வண்டிதான். டோலும் பார்க்கிங்கும் இரண்டிலும் தனி.

விமானம் விடியற்காலையில் இறங்கினால் இன்னொன்றையும் கேளுங்கள். பல இடங்களில் ஒரு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. எங்கள் விமானம் 2.30க்கு. களியக்காவிளை வழியாக ஏர்போர்ட் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகலாம் என்று வண்டி இரவு 11 மணிக்கே ஷெட்டை விட்டுக் கிளம்பியிருந்தால், நாள் வாடகைக் கணக்கில் அது இரண்டு நாள், இன்னொரு 5,000. மொத்தத் தொகை பேசினால் இந்தத் தலைவலியே இல்லை. அந்தத் தொகையிலேயே கேரளாவுக்குள் போகும் பர்மிட், வரிச் செலவும் அடக்கமா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு செக்போஸ்ட் தாண்டினால் மாறிவிடும்.

வண்டி விஷயத்தில், இன்னோவாவில் ஆறு பேர் உட்காரலாம், ஆனால் கடைசி சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில் பெரிய பெட்டி வைக்க இடமே இருக்காது. கேரியர் உள்ள வண்டி, தார்ப்பாய், கயிறு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மழைக்காலத்தில் கண்டிப்பாக. நான்கு பேர் என்றால் டிசையரே போதும், டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு நிற்கும்.

அரண்மனை திங்கட்கிழமை கிடையாது, அதைப் பார்த்து நாளைப் போடுங்கள். அப்புறம் கிலோமீட்டர் கணக்கு வீட்டு வாசலிலிருந்தா, ஷெட்டிலிருந்தா என்று கேளுங்கள். ஷெட்டிலிருந்து என்றால், கிளம்பும்போதே மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் டிரைவர் கேட்டதும் அனுப்பினார், "தாராளமா அண்ணே" என்று.