படித்தவணைக் கடனும் 37-ஆம் மாதமும்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் திருப்பூர் வந்திருந்தபோது, தையல் யூனிட்டை விரிவாக்கத் தம்பி வாங்கவிருந்த கடனின் தவணை அட்டவணை என் கைக்கு வந்தது. சிறுதொழில் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கையுடன் இந்த அட்டவணையையும் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நிதி நிறுவனமும் கேட்காமலே கொடுத்திருந்தது.

இடையில் தவணை கூடும் படித்தவணைக் கடன் அது. தொகை 30 லட்சம், மாறாத வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். முதல் 36 மாதங்களுக்கு 25,000 ரூபாய், அதன் பின் 30,000 ரூபாய், 120-ஆம் மாதத் தவணையோடு மீதி அசல் முழுவதும் ஒரே தொகையாக. முந்தைய மாத நிலுவையை 9-ஆல் பெருக்கி 1200-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி வரும். தவணையில் வட்டி போக மிஞ்சுவது அசலில் கழியும். முதல் மாத வட்டி 22,500. ஆகவே 2,500 கழிந்து நிலுவை 29,97,500 ஆனது. தொடக்கத் தவணை வட்டியைவிடக் குறைவாக இருந்திருந்தால் நிலுவை ஏறியிருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

எனவே நேராகத் தவணை கூடும் இடத்துக்குப் போனேன். 36-ஆம் மாத முடிவில் நிலுவை 28,97,118. அடுத்த மாத வட்டி 21,728. தவணை 30,000 என்று அச்சாகியிருந்தும், அசலில் கழிந்தது 8,272 அல்ல, 3,272 மட்டுமே.

மறுநாள் கிளையில் காட்டியபோது அதிகாரி, "சார், கடைசி மாதம் நிலுவை பூஜ்யம்தானே வருகிறது?" என்றார். வராமல் எப்படி இருக்கும்? எவ்வளவு மீதி இருந்தாலும் அதையே கடைசித் தொகையாக எழுதிவிட்டால், தப்பான அட்டவணையும் பூஜ்யத்தில்தான் முடியும். சாதாரணக் கடனில் பிழையைக் காட்டிக்கொடுக்கும் அந்தக் கடைசி வரி, இத்தகைய கடனில் பிழையை மூடி மறைத்துவிடுகிறது.

எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தோம். 37-ஆம் மாதத்தின் அசல் கட்டத்தில் இருந்தது இது:

```
=$B$4-C40
```

B4 என்பது முதல் மாதத் தவணை, C40 என்பது 37-ஆம் மாத வட்டி. டாலர் குறியால் B4 பூட்டப்பட்டிருந்ததால், தவணைப் பத்தியில் 30,000 என்று மாற்றிய பிறகும் அசல் பழைய 25,000-ஐக் கொண்டே கணக்கிடப்பட்டு வந்தது. `=B40-C40` என்று திருத்திக் கீழே வரை இழுத்ததும், 25,16,214 என்றிருந்த கடைசித் தொகை 19,34,080 ஆகக் குறைந்தது. ஏறத்தாழ 5.82 லட்சம் ரூபாய் வித்தியாசம்! மாதந்தோறும் விடுபட்ட 5,000 ரூபாய், 84 மாத வட்டியோடு சேர்ந்து அங்கே போய்க் குவிந்திருந்தது.

அதிகாரி மறுக்காமல் திருத்திய பிரதியில் முத்திரை வைத்துத் தந்தார். ஆனால் எக்செல் தாள் கிளையின் வசதிக்கானது; தவணையை வரவு வைப்பது நிறுவனத்தின் கடன் மென்பொருள். அதிலிருந்து நேரடியாக எடுத்த அட்டவணையில் 37-ஆம் மாத நிலுவை 28,88,847 என்று பார்த்த பிறகே தம்பி கையெழுத்துப் போட்டான்.