620 ரிங்கிட் சப்பாத்தா, 15 ரிங்கிட் ரப்பர் சப்பாத்தா?

விலையை அணிந்த தடவைகளால் வகுத்துப் பார், அதுதான் உண்மையான விலை என்பார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் 2017-இல் ஜார்ஜ் டவுனில் 620 ரிங்கிட்டுக்கு மலையேறும் சப்பாத்து ஒன்றை வாங்கினேன். 400 தடவை போட்டால் ஒரு நடைக்கு ஒன்றரை ரிங்கிட்தானே என்று மனைவியிடமும் வாதாடினேன்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வரும்வரை 40 தடவை போட்டிருப்பேன். பிறகு துடைத்து, பெட்டியில் போட்டு, அலமாரியில் பத்திரமாக வைத்தேன். 2022-இல் அதை மாட்டிக்கொண்டு மூன் கேட் வழியாகக் கொடிமலை ஏறியபோது, ஐந்தாம் ஓய்வுக் கொட்டகைக்குக் கீழேயே வலது அடிப்பாகம் வாய் பிளந்தது. கொஞ்ச தூரத்தில் இடதும் போயிற்று. மேல்தோல் புதிதுபோல இருந்தது. நடுவில் இருந்த மெத்தை மட்டும் பழைய ரொட்டிபோல உதிர்ந்தது. 620-ஐ 41-ஆல் வகுத்தால் ஒரு நடைக்கு 15 ரிங்கிட்.

கம்போங் அடிடாஸ் என்று எல்லாரும் கேலியாக அழைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஒரு சோடியின் விலையும் அதே 15 ரிங்கிட்தான். அடுத்த வாரமே ஒன்று வாங்கினேன். "தாத்தா பால் வெட்டப் போட்டுக்கொண்டு போனதைத்தான் நீ இப்போது மலையேறப் போடுகிறாயா?" என்று அம்மா சிரித்தார்.

விலையுயர்ந்தது ஏன் உதிர்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதன் நடு மெத்தை பாலியூரித்தேன். காற்றின் ஈரம் உள்ளே புகுந்து அதன் மூலக்கூறு இணைப்புகளை மெல்ல அறுக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. சிதையும்போது உண்டாகும் அமிலம் இன்னும் விரைவுபடுத்துகிறது. பினாங்கில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆக, இந்தச் சப்பாத்து அணியும் தடவைகளால் மட்டும் தேய்வதில்லை, நாட்களாலும் தேய்கிறது. அணிந்து நடந்தால் மெத்தை அழுந்தி விரிந்து கொஞ்சம் ஈரத்தையாவது வெளியேற்றும். மூடிய பெட்டிக்குள் அதுவும் நடக்காது. நான் காப்பாற்றியதாக நினைத்த இரண்டு ஆண்டுகள்தான் அதைக் கொன்றன.

பழைய சோடி ஏதும் உங்களிடம் இருந்தால், மலைக்குப் போகுமுன் மெத்தையின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி மீளாவிட்டாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ அதன் காலம் முடிந்தது. பசை போட்டு ஒட்டுவதும் வீண். பசை பிடிக்கும், அது பிடித்திருக்கும் மெத்தை உதிரும். மழைச் சட்டைகளின் உட்பூச்சு ஒட்டிக்கொண்டு உரிவதும் பெரும்பாலும் இதே கதைதான். பருத்திச் சட்டைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் மலிவானதையே வாங்கிக் கிழியும்வரை போடுகிறேன்.

ரப்பர் சப்பாத்தில் ஒட்டிய மெத்தையும் இல்லை, தையலும் இல்லை; ஒரே வார்ப்பு. அடியில் குமிழ் குமிழான பற்கள் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஓடையில் நனைந்தால் கவிழ்த்து வைத்தால் போதும். இப்போது மூன்றாவது சோடி ஓடுகிறது: 45 ரிங்கிட், தடித்த காலுறைகளுக்கு 40. ஏறக்குறைய 110 நடைகள் ஆகியிருக்கின்றன, நடைக்கு 77 சென். காலுறை இல்லாமல் போட்டால் குதிகால் உரியும், கூழாங்கற்கள் பாதத்தில் தெரியும், கணுக்காலுக்குத் தாங்கலே கிடையாது. நான் மூன்று, நான்கு மணி நேரத்துக்குமேல் இதில் நடந்ததில்லை. சுமையோடு பல நாள் நடப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

என் நண்பர் ஒருவர் வாரந்தவறாமல் மலையேறுபவர். என்னுடைய 620 ரிங்கிட் சோடியைப் போன்ற ஒன்றில் நான்கு ஆண்டுகளில் 200 நடை போனார். மெத்தை உதிருமுன் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. நடைக்கு 3 ரிங்கிட் 10 சென். அவருடைய முழங்காலுக்கு அது நியாயமான விலைதான். அப்போது மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்த என் போன்றவருக்கு 400 என்ற எண்ணே கற்பனை. அதை எட்ட 33 ஆண்டுகள் வேண்டும், மெத்தைக்கோ அவ்வளவு ஆயுள் கிடையாது.

அலுவலகச் சப்பாத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறேன். முன்பு 70 ரிங்கிட் சோடி ஐந்து மாதம், அதாவது 100 வேலை நாள் தாங்கும்; நாளுக்கு 70 சென். பிறகு 450 ரிங்கிட்டுக்குத் தைத்த ரப்பர் அடியுடன் தோல் சப்பாத்து வாங்கினேன். இரண்டாம் ஆண்டில் 80 ரிங்கிட் கொடுத்து அடியை மாற்றினேன். 800 நாளில் 66 சென், கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் அடுத்த 80 ரிங்கிட் இன்னும் 400 நாளைத் தரும், நாளுக்கு 20 சென். தினமும் போடுவதால் பூஞ்சை படியவும் நேரமில்லை. தீபாவளி விடுமுறையில் ஒரு வாரம் சும்மா வைத்தேன். திரும்பி வந்தபோது நாக்குப் பகுதியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. துடைத்ததும் போய்விட்டது.