ஸ்கிராப்பிங் டெஸ்ட்னு காசு வாங்கிட்டு "ஃபங்கஸ் இல்ல"ன்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க

நான் மைக்ரோபயாலஜி லேப்ல டெக்னீஷியனா இருக்கேன். தோலைச் சுரண்டி பொட்டாஷ் போட்டு மைக்ரோஸ்கோப்ல ஃபங்கஸ் பாக்குறது எனக்கு தினப்படி வேலை. அதனாலதான் என் நாத்தனாருக்கு ஒரு தனியார் தோல் கிளினிக்ல நடந்ததை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

அவளுக்கு இடுப்புல, பாவாடை நாடா கட்டுற இடத்துல வட்டமா அரிப்பு. ஓரம் சிவந்து லேசா மேடா செதில் செதிலா இருக்கும், நடுவுல தோல் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும், பாத்தாலே படர்தாமரைன்னு சந்தேகப்படுற மாதிரிதான். மெடிக்கல் ஷாப்ல ஒரு ஃபங்கஸ் க்ரீம் வாங்கி கொஞ்ச நாளா தடவிட்டு இருந்தவ, சரியாகலன்னு அந்த கிளினிக்குக்கு போயிருக்கா. அங்க ஸ்கிராப்பிங் எடுக்கணும்னு சொல்லி 400 ரூபாய் பில் போட்டு, சீட்டுல "நெகட்டிவ்"னு எழுதி, இது எக்ஸிமான்னு சொல்லி க்ளோபெட்டசால் க்ரீம் குடுத்து அனுப்பிட்டாங்க. க்ளோபெட்டசால்னா ஸ்டீராய்டுலயே ரொம்ப ஸ்ட்ராங்கான வகை.

டெஸ்ட் எப்படி எடுத்தாங்கன்னு ஃபோன்ல கேட்டேன். "அண்ணி, நடுவுல லேசா சுரண்டுனாங்க, காலைல தடவுன க்ரீம் அப்படியே இருந்துச்சு, துடைக்கல, நான் செருப்பு போட்டு வெளிய வர்றதுக்குள்ள ரிசல்ட் சொல்லிட்டாங்க"ன்னா. அவ சொன்ன ஒவ்வொண்ணுமே தப்பு.

முதல்ல இடம். படர்தாமரை வெளிய பரவிக்கிட்டே போற நோய், உயிரோட வளர்ற ஃபங்கஸ் அந்த மேடான ஓரத்துலதான் அதிகம் இருக்கும், நடுவுல ஆறிட்டு வர்ற தோல்ல கம்மியாயிடும். அதனால ஓரத்துல இருந்து, செதில் இருக்குற இடமா பாத்து, ஸ்கேல்பெல் ப்ளேடோட மழுங்கின பக்கத்தாலயோ ஸ்லைடோட ஓரத்தாலயோ வெளிப்பக்கமா சுரண்டணும். ரத்தம் வரக் கூடாது, ஆனா ஸ்லைடுல வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு விழணும். நாங்க கறுப்புப் பேப்பர்ல வாங்குவோம், எவ்வளவு விழுந்துச்சுன்னு உடனே தெரிஞ்சிடும். சுரண்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் வச்சு துடைச்சு காய விடணும், இல்லன்னா க்ரீமோட எண்ணெய்த் துளி ஸ்லைடு முழுக்க மினுமினுன்னு நின்னு எதையும் பாக்க விடாது. அதோட, ஃபங்கஸ் க்ரீம் தடவிட்டு இருக்கும்போது எடுத்தா நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். எங்க டிபார்ட்மெண்ட்ல "க்ரீமை நிறுத்திட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வாங்க"ன்னு திருப்பி அனுப்புறது இதுக்குத்தான்.

அப்புறம் நேரம். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டர்ல 10 கிராம், இதைத்தான் தோலுக்கு ஒரு சொட்டு விட்டு கவர் ஸ்லிப் போடுறோம். இது தோல் செல்லை மெதுவா கரைச்சு கண்ணாடி மாதிரி ஆக்கும். ஃபங்கஸோட சுவர் சீக்கிரம் கரையாது, அதனாலதான் அது தனியா தெரியும். இதுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும். அவசரம்னா ஸ்பிரிட் விளக்குல லேசா காட்டலாம், கொதிக்க விட்டா பொட்டாஷ் உப்பா படிஞ்சு ஸ்லைடே வீணாயிடும். செருப்பு போடுற நேரத்துல பாத்தா தெரியுறது கரையாத செல் குவியல் மட்டும்தான், அதுக்கடியில நூல் மாதிரி வளர்ற ஃபங்கஸ் இருந்தாலும் தெரியாது. அதோட மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தைக் குறைச்சு, கண்டென்சரை இறக்கி வச்சுத்தான் பாக்கணும், பளீர்னு வெளிச்சம் விட்டா ஃபங்கஸ் நூல் கண்ணாடியில கண்ணாடி மாதிரி மறைஞ்சிடும்.

க்ளோபெட்டசால் போட்டதும் முதல்ல அரிப்பு நின்னுச்சு, சிவப்பு குறைஞ்சுச்சு, அவளும் நல்ல டாக்டர்னு சந்தோஷப்பட்டா. ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கும், ஃபங்கஸைக் கொல்லாது, தோலோட எதிர்ப்பையும் குறைச்சு அதை இஷ்டத்துக்குப் பரவ விடும். கொஞ்ச நாள்ல வயித்துலயும் தொடையிலயும் வந்துச்சு, பழைய வட்டத்துக்குள்ளயே புது வட்டம், ஓரம் கலைஞ்சு எது படர்தாமரை எது எக்ஸிமான்னு பாத்து சொல்ல முடியாத மாதிரி ஆயிடுச்சு. இந்தியாவுல ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பண்ற அநியாயத்தால இப்போ இப்படிப்பட்ட கேஸ் எங்க ஓ.பி.ல நிறைய வருது.

எங்க காலேஜ் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்தேன். ஸ்கின் டாக்டர் க்ரீம் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டு, ஓரத்துல இருந்து மூணு இடத்துல சுரண்டி எடுத்தார். பத்து நிமிஷம் கழிச்சு முதல்ல 10எக்ஸ்ல தேடி அப்புறம் 40எக்ஸ்ல பாத்தோம். செல்லோட கோடுகளைக் குறுக்க வெட்டிக்கிட்டு, ஒரே தடிமன்ல, இடையிடையே தடுப்போட கிளை பிரிஞ்சு போற நூல், ஸ்லைடு முழுக்க. சில பேர் செல் ஓரத்துல வளைஞ்சு போற கோட்டைப் பாத்து ஃபங்கஸ்னு எழுதிடுவாங்க, அது செல்லோட எல்லைக்கோடு, செல்லைச் சுத்தித்தான் போகும். நிஜ நூல் எந்த எல்லையையும் மதிக்காது, நேரா ஊடுருவிப் போகும். துணிப் பஞ்சும் சில சமயம் ஏமாத்தும், ஆனா அதுல தடுப்பு இருக்காது, தடிமனும் சீரா இருக்காது.

அந்த கிளினிக்ல போய்க் கேட்டப்ப "எங்க கிட்ட எடுத்தப்ப நெகட்டிவ்தான்"னு சொல்லிட்டு காசும் தரல. நல்லா எடுத்த ஸ்லைடே சில சமயம் நெகட்டிவ் வரும், அதை நான் மறுக்கல. அதுக்காகத்தான் சந்தேகம் இருந்தா இன்னொரு தடவை எடுக்குறது, இல்லன்னா சபரோ அகர்ல ஃபங்கஸை வளர்த்துப் பாக்குற கல்ச்சர் போடுறது, அதுக்கு நாலு வாரம் கூட ஆகும். ஆனா க்ரீமைத் துடைக்காம நடுவுல சுரண்டி ரெண்டு நிமிஷத்துல பாத்த நெகட்டிவ்க்கு நெகட்டிவ்னே பேர் வைக்கக் கூடாது, அதை நம்பி க்ளோபெட்டசால் எழுதுறது அதைவிட மோசம்.

நீங்க போனா ரிப்போர்ட்ல எந்த இடத்துல இருந்து எடுத்தாங்கன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அவ ரிப்போர்ட்ல "ஸ்கின்"னு ஒரு வார்த்தைதான். எந்தெந்த க்ரீம் தடவுறீங்கன்னு உங்ககிட்ட கேக்காம சுரண்ட ஆரம்பிச்சா நீங்களே சொல்லுங்க, துடைச்சிட்டு ஓரத்துல எடுக்கச் சொல்லுங்க. எத்தனை நிமிஷம் வச்சுப் பாத்தாங்கன்னும் கேளுங்க, கோபப்பட்டா படட்டும். இன்னொண்ணு, பாசிட்டிவ் வந்தாலும் இந்த டெஸ்ட் ஃபங்கஸ் இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், எந்த மருந்துக்கு அடங்கும்னு சொல்லாது. இப்போ டெர்பினாஃபின்க்கு அடங்காத வகையும் நம்ம நாட்டுல பரவலா இருக்கு.

நாத்தனார் இப்போ இட்ராகொனசோல் சாப்பிடுறா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி லிவர் டெஸ்ட் எடுத்தாங்க. அவ வீட்டுக்காரருக்கும் தொடையில இருந்துச்சு, அவர் ஸ்லைடும் பாசிட்டிவ், ரெண்டு பேருக்கும் சேர்த்தே வைத்தியம் நடக்குது. வட்டம் மறைஞ்சதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, திரும்ப ஓரத்துல சுரண்டி நெகட்டிவ் வரணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்கார். அந்த ஸ்லைடை நானே பாக்கப் போறேன்.