பில் போட்டோவும் "ஸ்ப்ளிட் பண்ணு"வும்: சமமாகவா, சாப்பிட்டபடியா?

நாலு பேர் சாப்பிட்ட ஹோட்டல் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பி, "ஸ்ப்ளிட் பண்ணு" என்கிறார் ஒருவர். பில்: 1,320, ஜிஎஸ்டி 5% (66) சேர்த்து 1,386 ரூபாய்.

நேரம்: சமமாக என்றால் ஒரே வகுத்தல், தலைக்கு 346.50. சாப்பிட்டபடி என்றால் பத்து நிமிடம் போகும்.

நியாயம்: சைவக்காரர் சாப்பிட்டது தயிர் சாதம் 120, நாலு பேரும் பகிர்ந்த கோபியில் (160) கால் பங்கு 40. வரியோடு 168தான். சிக்கன் 65 (240) மற்ற மூவருக்கு, தலைக்கு 80. கோபி, சிக்கன், வரி எல்லாம் சேர்த்து, ஆளுக்கொரு மட்டன் பிரியாணி (300) சாப்பிட்ட இருவருக்கும் தலா 441, முட்டை பிரியாணிக்காரருக்கு (200) 336. வரியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், அவரவர் தொகையை 1.05ஆல் பெருக்குங்கள்.

டிப்ஸ்: பில்லின் அடியில் பேனாவால் "100". கொடுத்ததா, மேஜை எண்ணா? பணம் கட்டியவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். டிப்ஸ்தான் என்றால் தலைக்கு 25, பரிமாறியது எல்லோருக்கும்தானே.

தட்டுகள் ஒரே விலை என்றால் சமம் போதும். சைவம் கலந்த மேஜைக்குச் சாப்பிட்டபடிதான்.