"கேஒய்சி முடிக்காவிட்டால் இன்றிரவு கணக்கு முடக்கம்" என்று வந்தால் திறக்காதீர்கள்: அம்மாவின் 49,000 ரூபாய் போனது

போன மாதம் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு வங்கியின் சின்னத்தோடு ஒரு செய்தி வந்தது. கேஒய்சி காலாவதியாகிவிட்டது, இன்றிரவே கணக்கு முடங்கும், இணைத்திருக்கும் செயலியில் விவரம் கொடுங்கள் என்று. கோப்பின் பெயர் .apk என்று முடிந்தது, அதாவது திறந்தால் போனில் நேரடியாக நிறுவிக்கொள்ளும் செயலி. அது கேட்ட அனுமதிகளில் எஸ்எம்எஸ் படிப்பதும் ஒன்று. அம்மா எல்லாவற்றுக்கும் சரி கொடுத்து, ஆதார் எண், பான் எண், கடைசியில் ஏடிஎம் கார்டு எண்ணையும் பின் நம்பரையும் போட்டுவிட்டார். ஓடிபியை யாரும் கேட்கவே இல்லை, போனுக்கு வந்ததை அந்தச் செயலியே படித்து அனுப்பிவிட்டது. அரை மணி நேரத்தில் 49,000 ரூபாய் போனது.

பின் நம்பர் கேட்ட இடத்திலேயே நாங்கள் நின்றிருக்க வேண்டும். கேஒய்சி என்பது நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன தொழில் என்பதை வங்கி உறுதி செய்துகொள்வது, அவ்வளவுதான். கள்ளப்பணமும் பினாமிக் கணக்குகளும் நுழையாமல் இருக்க, 2002 பணமோசடித் தடுப்புச் சட்டம் வங்கிகள் மீது சுமத்திய கடமை அது. அதற்குக் கேட்பது போட்டோ, பான் (இல்லாவிட்டால் அதற்குப் பதிலான படிவம்), அப்புறம் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்று. பின் நம்பர், சிவிவி, பாஸ்வேர்டு, பணப் பரிவர்த்தனைக்கான ஓடிபி எதற்கும் இதில் இடமே கிடையாது, ஏனென்றால் அவை நீங்கள் யார் என்று சொல்வதில்லை, பணத்தை எடுக்க மட்டுமே உதவும்.

"இன்றிரவு" என்ற அவசரமும் பொய்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி சாதாரணக் கணக்குகளுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பு, நடுத்தர ஆபத்துள்ளவை என்று வங்கி வகைப்படுத்தியவற்றுக்கு 8, அதிக ஆபத்துள்ளவற்றுக்கு 2. கெடு வருமுன் வங்கி குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபாலில் கடிதமாக வர வேண்டும். அம்மாவுக்கு அப்படி எந்தக் கடிதமும் வரவில்லை. விவரம் எதுவும் மாறவில்லை என்றால் பதிவு செய்த மொபைல், மின்னஞ்சல், ஏடிஎம் அல்லது கடிதம் வழியாக "மாற்றமில்லை" என்று உறுதிமொழி கொடுத்தாலே போதும்.

பணம் போனது தெரிந்ததும் 1930-க்கு அழைத்தோம், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்தோம். வங்கிக்கும் உடனே சொன்னோம், ஆனால் அவர்கள் கணக்கை நிறுத்துவதற்குள் இன்னொரு 9,500 போய்விட்டது. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை ஆன இழப்பு நம்முடையது, சொன்ன பிறகு ஆகும் இழப்பு வங்கியுடையது என்பது விதி. அந்த 9,500-ஐத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம், நாங்கள் அழைத்த நேரமும் பணம் போன நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு.