“அண்ணா, ஒரு நல்ல டீம் சொல்லுங்க”: மூன்று விதப் பதில்கள்

“அண்ணா, இன்னைக்கு ஒரு நல்ல டீம் சொல்லுங்க, கேப்டன் யாரைப் போடலாம்?” ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப்பில், அதாவது நிஜ மேட்சில் ஆடுபவர்களிலிருந்து பதினொரு பேரை எடுத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் பாயின்ட் சேர்க்கும் விளையாட்டில், ஆடுபவர்கள் கேட்கும் கேள்வி இவ்வளவுதான். எந்த மேட்ச் என்று இல்லை, அணியில் யார் யார் என்று இல்லை, எதற்கு எத்தனை பாயின்ட் என்றும் இல்லை. இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நானே மூன்றையும் சொல்லியிருக்கிறேன்.

முதல் வகை, உடனே பதினொரு பெயரை அள்ளிவிடுவது. கேட்டவருக்கு அப்போதைக்குச் சந்தோஷம். ஆனால் பெயர்கள் வருவது நம் ஞாபகத்திலிருந்து, இன்றைய அணியிலிருந்து அல்ல. அணியில் பெயர் இருப்பது வேறு, பிளேயிங் லெவனில் இருப்பது வேறு. ஒருமுறை நான் கொடுத்த பதினொன்றில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இருவருக்கும் பூஜ்யம். அதில் ஒருவர் வைஸ் கேப்டன் வேறு. அன்றைக்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது வகை, பெயரே சொல்லாமல் அமைப்பை மட்டும் சொல்வது: முதல் மூன்று இடத்தில் ஆடுபவர்களை எடு, ஆறாவது ஏழாவதாக வரும் பேட்ஸ்மேனை விடு, நான்கு ஓவரும் வீசுகிற பவுலரை எடு. டி20 என்றால் இது மோசமில்லை. ஒரு இன்னிங்ஸுக்கு 120 பந்து. ஏழாவதாக வருபவருக்குப் பத்துப் பந்து கிடைத்தாலே பெரிது. பவுலருக்கு அதிகபட்சம் நான்கு ஓவர், அதாவது 24 பந்து. வாய்ப்பு யாருக்கு அதிகம் என்பதைப் பெயர் தெரியாமலே சொல்லிவிடலாம். சிக்கல், மேட்ச் டெஸ்டாக இருந்தால் வரும். அங்கே ஒரு பவுலர் எத்தனை ஓவர் வேண்டுமானாலும் வீசலாம், ஏழாவதாக வரும் விக்கெட் கீப்பர் ஒரு செஷன் முழுக்க ஆடலாம். ‘நான்கு ஓவர்’ கணக்குக்கு அங்கே அர்த்தமே இல்லை.

மூன்றாவது வகை, திருப்பிக் கேட்பது. “கேள்வி கேட்டா கேள்வி கேக்குறீங்களே” என்று சலித்துக்கொள்வார்கள். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், பாயின்ட் விதி. அது மாறினால் கேப்டனே மாறிவிடுவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓபனர் ஒருவர் 54 ரன், அதில் 6 ஃபோர், 2 சிக்ஸ். ஆல்ரவுண்டர் ஒருவர் 18 ரன், ஒரு ஃபோர், ஒரு சிக்ஸ், கூடவே 2 விக்கெட். ரன்னுக்கு 1, ஃபோருக்குக் கூடுதலாக 1, சிக்ஸுக்குக் கூடுதலாக 2, விக்கெட்டுக்கு 25 என்று ஒரு விதி இருக்கட்டும். ஓபனருக்கு 54, 6, 4 சேர்ந்து 64. ஆல்ரவுண்டருக்கு 18, 1, 2, 50 சேர்ந்து 71. கேப்டனுக்கு இரட்டிப்பு என்றால் ஆல்ரவுண்டரைப் போடுவதில் 7 பாயின்ட் லாபம். இப்போது விதியை மட்டும் மாற்றுங்கள்: ஃபோருக்குக் கூடுதல் 4, சிக்ஸுக்குக் கூடுதல் 6, விக்கெட்டுக்கு 20. ஓபனர் 90, ஆல்ரவுண்டர் 68. அதே மேட்ச், அதே ஆட்டம், இப்போது ஓபனரைப் போட்டால் 22 லாபம். அரைசதத்துக்குப் போனஸ், மெதுவாக ஆடினால் கழிவு என்பதையெல்லாம் நான் இதில் சேர்க்கவே இல்லை.

சரி, திருப்பிக் கேட்டால் எல்லாவற்றையும் கேட்க வேண்டுமா? வேண்டாம். மேட்ச் எது என்று தெரிந்தால் போதும், டி20யா டெஸ்டா என்பதும் அணி விவரமும் நாமே பார்த்துக்கொள்ளலாம். ஆட்களின் பட்டியலை அவர் தட்டச்சு செய்து அனுப்பத் தேவையில்லை. நம்மால் ஊகிக்கவே முடியாதது அவர் ஆடும் ஆப்பின் பாயின்ட் பக்கம்தான். ஆக, கேட்க வேண்டியது இரண்டே: “எந்த மேட்ச்? பாயின்ட் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பு.” ஆப்பில் அவர் சேர்ந்திருக்கும் போட்டியில் எத்தனை பேர் என்பதும் உதவும், ஆனால் அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. டாஸ் போட்டபின் லெவன் வெளியாகி, மேட்ச் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டால், ஸ்கிரீன்ஷாட் வருவதற்குள் கதவு சாத்திவிடும். அப்போது மட்டும் நான் இரண்டாவது வகைக்குப் போவேன், அதுவும் ஒரு நிபந்தனையோடு: “டி20ன்னா இப்படி எடு, லெவன்ல பேர் இருக்கான்னு நீயே பாத்துக்கோ. விக்கெட்டுக்கு 25க்கு மேல குடுத்தா ஆல்ரவுண்டர் கேப்டன், பவுண்டரிக்கு அள்ளிக் குடுத்தா ஓபனர்.” போன வாரம் அப்படித்தான் ஒரு தம்பிக்கு அனுப்பினேன். “டெஸ்ட் மேட்ச்ணா” என்று பதில் வந்தது.