செமினாரா, போஸ்டரா, மின்னஞ்சலா: குளிர்நிலை அளவீட்டுக்கு ஆள் தேடும்போது

துத்தநாக ஃபெரைட் நானோதுகள் செய்து வைத்திருக்கும் ஒரு பிஎச்.டி. மாணவரை எடுத்துக்கொள்வோம். பெரிய படிகங்களாக இருக்கும்போது இந்தப் பொருள் சுமார் 10 கெல்வினுக்குக் கீழேதான் காந்த ஒழுங்குக்கு வரும். இவருடைய துகளோ அறை வெப்பநிலையிலேயே காந்தத்தன்மை காட்டுகிறது. ஏன் என்று பார்க்க, திரவ ஹீலியத்தின் குளிர்வரை அளக்க வேண்டும். அந்தக் கருவி இவர் கல்லூரியில் இல்லை. இந்தூரின் யுஜிசி-டிஏஇ மையம் போன்ற இடங்களில் இருக்கிறது. ஆனால் அங்கே யாரைக் கேட்பது?

செமினாரில் ஆள் கிடைப்பது அரிது. பேச்சு முடிந்ததும் பேச்சாளரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். ஆனாலும் கட்டுரையில் இல்லாத ஒரு தகவல் அங்கே கிடைக்கும்: கருவி இப்போது ஓடுகிறதா, அதில் உட்கார்ந்து அளப்பவர் யார் என்பது. அதைக் குறித்துக்கொண்டு வந்தாலே போதும்.

போஸ்டரின் பலம் வேறு. டிசம்பரில் நடக்கும் அணுசக்தித் துறையின் திண்மநிலை இயற்பியல் கருத்தரங்கில் இவர் தன் போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவசாலி ஒருவர் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் விரலை வைத்து, "மேக்னடைட் கலந்திருந்தாலும் உச்சிகள் ஏறக்குறைய இதே இடத்தில்தானே வரும், இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். அறை வெப்பநிலையில் தெரியும் காந்தத்தன்மை அந்தக் கலப்பிலிருந்தே வந்திருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் குளிர்நிலை அளவீடு எடுத்தும் பயனில்லை. அப்படிக் கேட்டவரே பல சமயம் கூட்டாளியாகவும் ஆகிவிடுவார். குறை என்னவென்றால், நமக்கு வேண்டியவர் அந்தப் பக்கம் வராமலே போகலாம்.

வேண்டியவரை நேராகப் போய்ச் சேர்வது மின்னஞ்சல்தான். அந்தக் கருவியில் அளந்து வெளியான ஒரு கட்டுரையை எடுத்து, அதன் தொடர்பு ஆசிரியருக்கு மட்டும் எழுதாமல், முதல் ஆசிரியருக்கும் நகல் அனுப்புங்கள். பெரும்பாலும் அளந்தவர் அவர்தான். கட்டுரையின் நன்றிப் பகுதியையும் பாருங்கள், கருவிப் பொறுப்பாளர் பெயர் அங்கே இருக்கலாம். "தங்கள் மேலான ஆய்வில் ஆர்வமுள்ளேன்" என்று தொடங்கும் கடிதம் யாருக்கு வேண்டுமானாலும் போகக்கூடியது, அதனால் பதில் வராது. அவர் கட்டுரையின் எந்தப் படம், நம் துகளின் அளவு என்ன, எதில் சிக்கல், இத்தனையும் ஆறு வரியில். ஒரே ஒரு வரைபடம் இணைப்பாக. கேட்பதும் சிறிதாக இருக்கட்டும்: "இந்த மாதிரியைக் குளிர்நிலையில் அளப்பது பயனுள்ளது என்று நினைக்கிறீர்களா?"

"நல்ல வேலை, தொடர்பில் இருங்கள்" என்று பதில் வந்தால் அநேகமாக அது மறுப்பு. "எத்தனை மில்லிகிராம் இருக்கிறது?" என்று கேட்டால் காரியம் நகர்கிறது.

என் தேர்வு மின்னஞ்சல்தான், ஆனால் தனியாக இல்லை. கருத்தரங்குக்குப் பத்து நாள் முன்பே எழுதி, போஸ்டர் எண்ணையும் சொல்லி அழைத்தால், தற்செயலை நம்பி நிற்க வேண்டியதில்லை. பக்கத்தில் கருத்தரங்கு எதுவும் இல்லையென்றால் காத்திருக்காமல் எழுதிவிடலாம். அப்புறம், மாதிரியைக் கூரியரில் போடுவதற்கு முன் கட்டுரையில் யார் யார் பெயர் வரும் என்பதை, இரு பக்க வழிகாட்டிகளும் நகலில் இருக்க, எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.